நாளை மாலைக்குள் பதில் வேண்டுமாம்

"அண்ணா, திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துபாயில் மொத்தம் 6,000 திர்ஹாம் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. நாளை மாலைக்குள் சரி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்கிறார் ஏஜென்ட். என்ன பதில் எழுத? அங்கே வாடகை, சாப்பாடெல்லாம் எப்படி?"

வாடகையும் சாப்பாடும் பிறகு, தம்பி. சமைக்கவே தெரியாமல் வந்த நான் இன்று அரிசிம்பருப்பு சாதம் வைக்கிறேன், நீயும் பழகிவிடுவாய்.

அந்தியூர்ச் சந்தையில் தரகர், "அடுத்த ஆள் முன்பணத்தோடு நிற்கிறார்" என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே என் அப்பா மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். 2011இல் நான் பார்க்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் போனிலேயே சரி என்றேன். விடிந்ததும் ராஜினாமா கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில் மொத்தத் தொகை சொன்னபடியே இருந்தது. அடிப்படைச் சம்பளம் மட்டும் அதில் ஐந்தில் இரண்டு பங்கு. பழைய நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். உன் 6,000இல் அடிப்படை 2,400 என்றால் ஐந்தாண்டு முடிவில் 8,400 திர்ஹாம். அதுவே 3,600 என்றால் 12,600.

ஆகவே இன்றே இப்படி எழுது: "இந்த வேலையில் எனக்கு விருப்பம் உண்டு. அடிப்படைச் சம்பளம், படிகள், தகுதிகாண் காலம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த ஆஃபர் கடிதத்தை அனுப்புங்கள். கிடைத்த இரண்டாம் வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் முடிவைச் சொல்கிறேன். நாளைய கெடு கம்பெனி வைத்ததா, நீங்கள் வைத்ததா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. இடம் நிரம்பினால்தான் ஏஜென்டுக்குக் கூலி. அவசரம் பல நேரம் அவருடையது. கம்பெனிக்கே அவசரமென்றால் கடிதம் உடனே வரும். கடிதம் வராமல் போன் மட்டும் மூன்று முறை வந்தால் புரிந்துகொள். இடத்தைப் பிடித்துவைக்கப் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடி. ஆள் எடுக்கும் செலவு இந்த நாட்டுச் சட்டப்படி முதலாளியுடையது.

கடிதத்தைக் கொடுத்துவிட்டும் கெடுவைத் தளர்த்தவில்லையா? அதைப் படிக்க ஓர் இரவு போதும், முடிவெடு. இப்போதைக்குச் சரி என்று சொல்லிவைத்துப் பிறகு நழுவாதே. நம் பக்கத்துப் பையன்கள் சிலர் அப்படிச் செய்து, பின்னால் வந்தவர்களின் பேரையும் கெடுத்தார்கள். "கிடைத்ததைப் பிடி" என்று இங்கிருந்து உபதேசிப்பவர்கள் தங்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வெளியே சொல்லமாட்டார்கள்.

அன்று இரவு வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது அப்பா, "கடிதம் எங்கே?" என்றார். "வரும்" என்றேன். ஒன்றும் பேசாமல் கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார்.