மாசம் 35,000 என்று நினைத்தீர்களா? ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

வந்த ஆஃபருக்கு அப்படியே கையெழுத்துப் போடலாமா என்று பாம்பனிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார். மகளுக்குச் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஜூனியர் அனலிஸ்ட் வேலை, ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கிறது. "எதுவும் கேட்காம கையெழுத்தப் போடு" என்கிறார் தாய்மாமா. ஒன்றரை லட்சம் கட்டி டேட்டா சயின்ஸ் கோர்ஸ் முடித்துவிட்டுப் பெரிய சம்பளத்துக்குப் போகட்டும் என்கிறார் சித்தப்பா.

பதற ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு யோசனையும் வேண்டாம். மகளுக்கு இந்த வேலைதான் பிடித்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எக்செல், எஸ்க்யூஎல் இரண்டையும் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம் என்னும்போது, வட்டிக்கு வாங்கிக் கோர்ஸுக்குக் கட்டுவானேன்?

இப்போது கடைசிப் பக்கத்துக் கணக்கு. உங்கள் மகளின் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000. நிறுவனம் கட்டும் பிஎஃப் ஆண்டுக்கு 21,600, கிராஜுவிட்டி 8,658, மருத்துவக் காப்பீடு 6,000, முழுதாகக் கிடைக்கும் என்று உறுதியில்லாத வேரியபிள் பே 42,000. இவை எல்லாம் அந்த 4,20,000-க்குள்ளேயே அடக்கம். கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால் 28,478. அதில் மகளின் பிஎஃப் பங்கு 1,800 போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 26,700, தொழில் வரி போக இன்னும் கொஞ்சம் குறையும். 35,000 என்று நம்பி விடுதி பார்த்திருந்தால் முதல் மாதமே இடிக்கும்.

சம்பளத்தைப் பற்றி நிறுவனத்திடம் கேட்பதற்கு முன் விசாரிக்க வேண்டியது இது: ஊழியர்களே சம்பள விவரம் பகிரும் அம்பிஷன்பாக்ஸ் தளத்தில் பார்க்கும்போது சென்னை, அனுபவம் 0–1 ஆண்டு என்று வடிகட்டுங்கள். அனலிஸ்ட் என்ற பெயரில் ரிப்போர்ட் போடுகிறவரும் இருப்பார், கணிப்பு மாடல் கட்டுகிறவரும் இருப்பார். வேலை விவரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காத எண் பயன்படாது. அந்த நிறுவனத்தில் இருக்கும் சீனியர் ஒருவரை லிங்க்ட்இனில் பிடித்து, "போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தாங்க?" என்று கேட்கட்டும். உங்கள் மகளுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

பலரும் மொத்தத் தொகையைக் கூட்டச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றித் தரச் சொல்வது சுலபம். கம்பெனியின் மொத்தச் செலவு ஏறக்குறைய அதேதான், மகளுக்கோ மாதம் 1,750 உறுதியாகக் கூடும். மெயில் இப்படி இருக்கட்டும்: "சேர ஆர்வமாக இருக்கிறேன். வேரியபிள் 42,000-இல் 21,000-ஐ நிலையான சம்பளத்தில் சேர்க்க இயலுமா? இயலாவிட்டால் இடமாற்றச் செலவுக்கு ஏதேனும் தருவீர்களா?" ஆங்கிலத்தில் நாலு வரி போதும். மகளே அனுப்பட்டும், நீங்களோ மாமாவோ எச்.ஆருக்குப் போன் போடக் கூடாது. இல்லாத இன்னொரு ஆஃபரைச் சொல்லி மிரட்டவும் வேண்டாம், கடிதத்தைக் காட்டு என்றால் போச்சு.

கேம்பஸில் மொத்தமாக எடுக்கும் கம்பெனி என்றால் சம்பளம் அசையாது. அங்கே சேரும் தேதியை மட்டும் கேட்கலாம். பல இடங்களில் மாதத்தின் 20-ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை விடுதி அட்வான்ஸும் சாப்பாடும் உங்கள் கைக்காசில்தான். மாத ஆரம்பத்தில் சேர வழியிருக்கிறதா என்று கேளுங்கள். பாண்டு, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, நோட்டீஸ் காலம் ஆகியவற்றையும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்து.