பிளேட் லோட் டெஸ்ட்: 30 சென்டி தகடு சொல்றத 2 மீட்டர் ஃபுட்டிங் கேக்குமா? கேள்வி பதில்

கேள்வி (சைட் இன்ஜினியர், கிருஷ்ணகிரி): சார், டவுனுக்கு வெளிய ஒரு கமர்ஷியல் பில்டிங். ரெண்டரை மீட்டர் கிராவல் அடிச்சு ரோலர் ஓட்டுன மனை. ஒன்றரை மீட்டர் ஆழத்துல 30 சென்டி பிளேட் வச்சு டெஸ்ட் எடுத்தோம், சதுர மீட்டருக்கு 15 டன்னுக்கு 4 மிமீ தான் இறங்குச்சு. 2 மீட்டர்க்கு 2 மீட்டர் ஃபுட்டிங்குக்கு இதே 15 டன் எடுத்துக்கலாமா?

பதில்: ரிசல்ட் நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா அது எந்த மண்ணோட ரிசல்ட்னு பாருங்க. கிராவல மணல் மாதிரி எடுத்துக்கிட்டு எல்லாரும் போடற டெர்சாகி-பெக் கணக்க மொதல்ல போடுவோம். S இறக்கம், மிமீல; B அகலம், சென்டிமீட்டர்ல; f ஃபுட்டிங்குக்கு, p பிளேட்டுக்கு.

```
Sf = Sp × [ Bf(Bp+30) / Bp(Bf+30) ]²
   = 4 × [ 200×60 / (30×230) ]² ≈ 12 mm
```

12 மிமீ தானே, பாஸ்னு தோணும். ஆனா இந்த ஃபார்முலா கீழ வரைக்கும் ஒரே மண்ணுன்னு நம்பிக்கிட்டு எழுதுனது. பாரம் மண்ண பலமா அழுத்தற ஆழம் ஏறக்குறைய அகலத்துல ரெண்டு மடங்கு, அப்ப உங்க பிளேட்டு 60 சென்டி வரைக்கும் தான் மண்ணக் கேட்டுச்சு, ஃபுட்டிங்கோ 4 மீட்டர் வரைக்கும் கேக்கப்போகுது. ஃபுட்டிங்குக்கு அடியில கிராவல் மிச்சம் ஒரு மீட்டர் தான். அதுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு டெஸ்ட்டுல ஒரு வார்த்தையும் இல்ல. மனை போடறதுக்கு முன்னாடி அது என்ன நெலம்?

(அதே இன்ஜினியர்): ஏரிக்கரைய ஒட்டுன நெல்லு வயல்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாரு சார். மண்ணப் பாக்க போர் எதும் போடல.

பதில்: அப்ப கணக்கு மாறுது. கிராவலுக்குக் கீழ ரெண்டரை மீட்டர் ஏரிக் களிமண் இருக்குதுன்னு வச்சுக்குவோம். ஃபுட்டிங் மேல மொத்தம் 60 டன். ஃபுட்டிங் அடில இருந்து களிமண்ணோட நடு 2.25 மீட்டர், அங்க பாரம் 2-ம் 2.25-ம் சேந்து 4.25 மீட்டர் சதுரமா விரிஞ்சிருக்கும், 60 டன்ன 18 சதுர மீட்டரால வகுத்தா 3.3 டன். மெத்துனு இருக்கிற ஏரிக் களிமண் ஒரு மீட்டர் தடிமனுக்கு, ஒரு டன் அழுத்தத்துக்கு 4 மிமீ அமுங்கறது சாதாரணம். 4, 3.3, 2.5 மூணையும் பெருக்குங்க, 33 மிமீ. கிராவலோட பங்கு இதுக்கு மேல தனி.

அதுவும் ஒரே நாள்ல வராது, களிமண்ணுல இருந்து தண்ணி மெதுவா வெளிய போகப் போக மாசக்கணக்குல, வருசக்கணக்குல இறங்கும். நீங்க ஒவ்வொரு லோடையும் ஒரு மணி நேரம் வச்சு, நிமிசத்துக்கு 0.02 மிமீக்குக் கீழ வந்ததும் அடுத்த லோடுக்குப் போயிருப்பீங்க. அதனால பிளேட்டு களிமண்ணு மேலயே உக்காந்திருந்தாலும் முழு இறக்கத்தக் காட்டியிருக்காது.

கேள்வி (ஸ்ட்ரக்சர் டிசைன் பண்றவர், ஓசூர்): ஐஎஸ் 1904-ல தனி ஃபுட்டிங்குக்கு 50 மிமீ வரைக்கும் விடறாங்க, களிமண்ணுக்கு 75. அப்பறம் களிமண்ணுல பேரிங் கெப்பாசிட்டி அகலத்தப் பொறுத்து மாறாது, பிளேட்டுல உடையிற அழுத்தம் தான் ஃபுட்டிங்குக்கும். எதுக்கு பயப்படணும்?

பதில்: நீங்க சொன்ன ரெண்டாவது விசயம் உடையறதுக்குச் சரிங்க, ஆனா பிளேட்டு அந்தக் களிமண்ணு மேல உக்காந்திருந்தா மட்டும் சரி. இறக்கத்துக்கு அது பொருந்தாது, ஒரே களிமண்ணுல அகலம் எத்தன மடங்கோ இறக்கமும் அத்தன மடங்கு, 30 சென்டிக்கு 4 மிமீன்னா 2 மீட்டருக்கு 27 மிமீ.

50 மிமீ விசயம். எல்லாத் தூணும் சேந்து 45 மிமீ இறங்குனா கட்டடத்துக்குப் பெருசா வலிக்காது, நானே ஒத்துக்குவேன். ஏரிக்கரையில அப்பிடி இறங்காதுங்க, கரைப் பக்கம் போகப் போக களிமண் மெலிஞ்சுக்கிட்டே போகும். 5 மீட்டர் தள்ளி அடுத்த தூணுக்குக் கீழ களிமண் ஒரு மீட்டர் தான்னா, அது மேலயே இருக்கறதால அழுத்தம் 4.9 டன், இறக்கம் 20 மிமீ. அங்க 33, இங்க 20, வித்தியாசம் 13. காங்கிரீட் ஃப்ரேமுக்கு அதே ஐஎஸ் 1904 விடற வித்தியாசம் நீளத்துல 0.0015 மடங்கு, 5 மீட்டருக்கு 7.5 மிமீ. மொத்த இறக்கத்துல பாஸ், சுவத்துல விரிசல்.

கேள்வி (அதே சைட் இன்ஜினியர்): போருக்கு ஓனர் காசு தரமாட்டேங்கறாரு. பிளேட்டயே பெருசா மாத்தி பாத்தா தெரியுமா?

பதில்: பாதி தெரியும். அதே மட்டத்துல 60 சென்டி பிளேட் வைங்க. ஒரே மணலா இருந்தா 15 டன்னுக்கு 30 சென்டியப் போல 1.8 மடங்கு, ஒரே களிமண்ணா இருந்தா ரெண்டு மடங்கு இறங்கணும், அதாவது 7ல இருந்து 8 மிமீ. அதத் தாண்டுனா கீழ மெத்துனு ஏதோ இருக்குது. ஆனா தாண்டலைன்னா நிம்மதியாயிடாதீங்க, 60 சென்டி 1.2 மீட்டர் வரைக்கும் தான் பாக்கும், களிமண்ண ஓரமா எட்டிப் பாத்துட்டு வந்துரும்.

செலவும் குறையாது. சதுர மீட்டருக்கு 15 டன்னுக்கு மூணு மடங்கு வரைக்கும் ஏத்தணும்னா 30 சென்டி பிளேட்டு மேல மொத்தம் 4 டன் போதும், 60க்கு 16 டன் வேணும். நம்ம பக்கம் எல்லாரும் 30-லயே நிக்கறதுக்கு காரணமே இதுதான். குழியும் பிளேட்டப் போல அஞ்சு மடங்கு அகலம், 3 மீட்டர் வெட்டணும். மணல் மூட்ட அடுக்குனா அதத் தாங்கற கட்டைங்க பிளேட்டுல இருந்து ரெண்டரை மீட்டராவது தள்ளி இருக்கணும். இந்தக் காசுக்கு நாலு மூலையிலயும் ஜேசிபி வச்சு 4 மீட்டர் குழி நோண்டி களிமண் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்துரலாம், ஆனா ஆழக் குழிக்குள்ள யாரையும் எறக்காதீங்க, மேல வர்ற மண்ணப் பாத்தா போதும். களிமண் வந்தா கலைக்காத சாம்பிள் எடுத்து லேப்ல கன்சாலிடேஷன் டெஸ்ட் குடுங்க, நான் போட்ட 4 மிமீ ஊகம் தான், உங்க மண்ணு 2 சொன்னாலும் சொல்லும் 8 சொன்னாலும் சொல்லும்.

கேள்வி (வீடு கட்டறவர், பாலக்கோடு): சார் எங்க மனையில பிளேட் டெஸ்ட்டுல அசையவே இல்லன்னு சொல்றாங்க, சதுர மீட்டருக்கு 40 டன் ஏத்துனாங்களாம். செம்மண் தான். அப்ப மூணு மாடி போடலாம்ல?

பதில்: அண்ணே, இங்க கேட்டுக்கிட்டிருக்கற பிரச்சனைக்கு உங்களது நேர் எதிர். செம்மண்ணு 40 டன்னுக்கு கொஞ்சமாவது அசையணும், அசையவே இல்லன்னா எனக்கு சந்தேகம் தான் வரும். நம்ம பக்கம் பாறை மக்கி செம்மண் ஆகறப்ப மக்காத குண்டுக்கல்லு நடுநடுவ நின்னுரும், 30 சென்டி தகடு அதுல ஒண்ணு மேல உக்காந்துட்டா கல்லோட பலத்த மண்ணோட பலம்னு எழுதிக் குடுத்துருவாங்க. டெஸ்ட் முடிஞ்ச எடத்துல கடப்பாறையால ஒரு மீட்டர் குத்திப் பாக்கச் சொல்லுங்க, டங்குனு நின்னா ரெண்டு மீட்டர் தள்ளி இன்னொரு எடத்துல டெஸ்ட் வைக்கணும். மாடி எத்தனங்கறது அதுக்கப்பறம் உங்க டிசைனர் சொல்லணும்.

கேள்வி (சிவில் ஃபைனல் இயர், தருமபுரி): மணலுக்கு அந்த ஃபார்முலால ஃபுட்டிங் எவ்வளவு பெருசானாலும் 4 மடங்கத் தாண்டாதுன்னு படிச்சோம். உண்மையிலயே அப்பிடியா சார்?

பதில்: ஒரு அடி பிளேட்டுக்கு ஃபார்முலா அப்பிடித்தான் சொல்லும்ப்பா, மண்ணு அப்பிடி நடக்கும்னு இல்ல. லூசான மணல்ல அளந்தவங்க 4க்கு மேலயே பாத்திருக்காங்க, இறுக்கமான மணல்ல அதுக்குள்ள அடங்குது. லூஸ் மணலுக்கு நான் களிமண் மாதிரி அகல விகிதத்தயே போட்டுருவேன், ஓவர்னு திட்டறவங்க இருக்காங்க. இன்னொண்ணு, மே மாசம் காஞ்சு கெடக்கற செம்மண்ணுல எடுத்த ரிசல்ட் ஐப்பசி மழைக்கப்பறம் அப்பிடியே நிக்காது, அதனால நான் குழியில தண்ணி தேக்கி ஊறவிட்டுத்தான் எடுப்பேன். எவ்வளவு நேரம் ஊறவிடணும்ங்கறதுல மட்டும் எனக்கும் என் கூட டெஸ்ட் எடுக்கறவருக்கும் இன்னும் ஒத்துப் போகல, அவரு ஒரு ராத்திரிங்கறாரு, எனக்கு அது பத்தாதுன்னு படுது.