40 மின்னஞ்சல்கள், ஒரே ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

சிற்றூரில் வசித்தபடி படத்தொகுப்பை நானாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் திரைத்துறைப் பக்கம் எட்டிப்பார்த்தவர்கூட இல்லை. நான்கு மாதங்களில் பெருநகரங்களிலுள்ள 40 படத்தொகுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதில், ஒருவர் மட்டும் ‘இப்போது வேலை அதிகம்’ என்று எழுதினார். சிபாரிசுக்கு ஆளில்லாதவனுக்கு எதற்கு இந்த ஆசை என்று இரவெல்லாம் தோன்றுகிறது. நான் அனுப்பிய மடலை இணைத்துள்ளேன்.

அன்புள்ள வாசகருக்கு,

பதில் வராத இடத்தில் நீங்களாகவே ஒரு பதிலை எழுதிக்கொண்டுவிட்டீர்கள். மஹ்தி ரோகனிசாத், வனெஸ்ஸா போன்ஸ் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களிடம் ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி நேரில் கேட்டது, அதையே மின்னஞ்சலில் கேட்டதைவிட 34 மடங்கு பலன் தந்தது. கேட்டவர்களோ இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கிடைக்கும் என்று எண்ணியிருந்தார்கள். தம் நோக்கம் நேர்மையானது என்பது தமக்குத் தெரிந்திருந்ததால், முகம் தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறக்கப் பெறுபவர் தயங்குவார் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

உங்கள் மடலிலும் இதுவே நடந்திருக்கிறது. 20 நிமிடக் காணொளியின் இணைப்பும், ‘எந்த வேலையானாலும் செய்கிறேன், உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வரியும் அதில் உள்ளன. உங்களைப் பார்த்தே இராத ஒருவர் அதற்கு ‘சரி’ என்று எழுத இயலாது. ‘முடியாது’ என்று எழுதச் சங்கடப்பட்டு, மடலை அப்படியே விட்டுவிடுவார்.

அடுத்த மடலைத் தலைமைப் படத்தொகுப்பாளருக்கு அனுப்பாமல், படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் உள்ள உதவிப் படத்தொகுப்பாளருக்கு அனுப்புங்கள். உள்ளே நுழைந்த வழி அவருக்கு இன்னும் மறந்திருக்காது. நீங்கள் ஊன்றிப் பார்த்த ஒரு காட்சியைக் குறிப்பிட்டு, இப்படி எழுதலாம்: ‘அந்தச் சண்டைக்குப் பின் மகளின் முகத்தைக் காட்டாமல் கதவிலேயே காட்சியை நிறுத்தியிருந்தீர்கள். அது படப்பிடிப்பிலேயே முடிவானதா, தொகுப்பு மேசையில் பிறந்ததா? நானும் தொகுப்பு பயில்கிறேன்.’ இணைப்பு வேண்டாம், வேலையும் கேட்க வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டிவிட்டு, பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு மூன்று மடல்கள் போதும். அதற்குமேல் போனால் காட்சியைப் பார்க்காமலே எழுதத் தொடங்கிவிடுவீர்கள், படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பதில் எழுதியவரிடம் இரண்டு மூன்று மடல்களுக்குப் பிறகு, ‘இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?’ என்று கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லி எழுதும் அடுத்த மடலில் நீங்கள் முன்பின் அறியாதவர் அல்லர். உறவினரின் சிபாரிசு செய்யும் வேலையில் ஒரு பகுதியை இந்த ஒரு வரி செய்துவிடும். முழுவதையும் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: உதவியாளரை நேரில் பார்த்துப் பழகிய பிறகே சேர்த்துக்கொள்பவர்கள் பலர் என்பதால், மூன்று நான்கு பேரோடு இப்படிப் பழக்கமான பின் ஒருமுறை நேரில் சென்று வரத்தான் வேண்டியிருக்கும். வாய்ப்புக்கு முன்பணம் கேட்பவரைச் சந்திக்கவே செல்லாதீர்கள்.

இரவில் அஞ்சல்பெட்டியைத் திறக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். காலையில் ஒருமுறை பார்த்தால் போதும். இரவு நேரத்தில் எவரும் உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.