‘ஏன் டர்னர்?’ என்ற ஒரு பக்கம்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, லேத்தில் உலோகத்தைக் கடையும் டர்னர் வேலைக்கான பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். ‘இந்தத் தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது, ஆனால் எழுதினால் எல்லோரும் எழுதுவது மாதிரியே வருகிறது. கணக்கில் 100-க்கு 52 தான். வேறு வழியில்லாமல் வந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ? என் வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் வரைவில் முதல் மூன்று வரிகள் இவை: “இயந்திரங்கள் மேல் சிறு வயதிலிருந்தே ஆர்வம்”, “சொந்தக் காலில் நிற்க ஆசை”, “இத்துறையில் வேலைவாய்ப்பு அதிகம்”. டர்னர் என்ற சொல்லை எடுத்துவிட்டு வெல்டர் என்று போட்டுப் பாருங்கள். மூன்றும் அப்படியே நிற்கும். பிளம்பர் என்று போட்டாலும் நிற்கும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது, உங்கள் நடையில் இல்லை.

ஆனால் வரைவின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். உறவினர் பட்டறையில் ஒரு பம்ப் மோட்டாரைப் பிரித்தபோது பேரிங் கையாலேயே கழன்று வந்ததாம், ஷாப்ட் 0.1 மி.மீ. தேய்ந்திருந்ததாம். உங்கள் காரணம் இதுதான். அதை ஏன் கடைசியில் ஒளித்து வைத்தீர்கள் என்று புரியவில்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் பெரும்பாலும் பட்டறையில் பாடம் நடத்துகிற பயிற்றுநராக இருப்பார். நானும் சில வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய கவலை ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளை மூன்றாவது மாதம் நின்றுவிடுமா? லேத் முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். தொடக்கத்தில் வாரக்கணக்கில் முகப்பைச் சீவுவது, நேராகக் கடைவது, அளப்பது, மறுபடி அளப்பது என்று ஒரே வேலைதான். ஆர்வம் என்ற சொல்லை நம்பி இடம் கொடுத்து, ஒரு இயந்திரம் பாதி வருடம் ஆளில்லாமல் நின்றதைப் பார்த்தவர் அவர். அதனால் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தே வருகிறாரா என்பதைத்தான் வரிகளுக்கு நடுவில் தேடுவார்.

சரி, அந்த ஷாப்ட் சம்பவத்தை எப்படி எழுதுவது? பார்த்தது, அளந்தது, அதில் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்ற வரிசையில் சொல்லுங்கள். உங்கள் குறிப்புகளை வைத்து நான் எழுதினால் இப்படி வரும்:

“இரண்டு விடுமுறைகளில் உறவினரின் பட்டறையில் உதவிக்கு இருந்தேன். ஒரு நாள் பம்ப் மோட்டாரைப் பிரித்தபோது, 6204 பேரிங் புல்லர் இல்லாமல் கையாலேயே கழன்று வந்தது. அது உட்காரும் இடத்தை வெர்னியரில் அளந்தேன். 20 மி.மீ. இருக்க வேண்டியது 19.90 இருந்தது. அந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசிச் சீவலுக்கு முன் டர்னர் வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். வெர்னியர் 0.02 வரைதான் காட்டும், இந்த வேலை அதற்குள்ளேயே முடிய வேண்டும் என்றார். கண்ணுக்கே தெரியாத அந்த வித்தியாசத்தில் ஒரு மோட்டார் ஓடுவதும் நிற்பதும் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அந்த அளவைக் கையால் கொண்டுவரக் கற்க வேண்டும் என்பதுதான் என் காரணம். மாலையில் கால் கடுக்கும் என்பதும், சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை போடக் கூடாது, சக் சாவியைச் சக்கில் விட்டுவிடக் கூடாது என்பதும் அங்கேயே தெரிந்துகொண்டவை.”

இதில் ‘ஆர்வம்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. டர்னர் என்பதை வெல்டர் என்று மாற்றினால் பத்தி உடைந்துவிடும். கையுறை வரியைப் பாதுகாப்புப் பாடம் ஒப்பிப்பதற்காகச் சேர்க்கவில்லை. லேத் பக்கம் போகாதவர்கள் கையுறையைப் பாதுகாப்பு என்றே நினைப்பார்கள். அது சுழலும் உருப்படியில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். ஒரு எச்சரிக்கை: 19.90 என்பது உங்கள் ‘0.1 தேய்மானம்’ என்ற குறிப்பிலிருந்து நான் போட்டது. நீங்கள் பார்த்த அளவு வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். வெர்னியரைப் பிடித்தது நீங்கள் இல்லை என்றால் ‘அளந்தேன்’ என்பதை ‘அளந்து காட்டினார்கள்’ என்று மாற்றிவிடுங்கள்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் பட்டியல் விண்ணப்பத்தோடு கூடவே போகிறது, அதனால் மறைக்க எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். கல்லூரிப் படிப்பைக் குறைத்துப் பேசி உங்கள் தேர்வை உயர்த்தவும் வேண்டாம். அது வேறு வழியில்லாமல் வந்தவர் பேச்சு மாதிரியே ஒலிக்கும். பட்டறையில் கணக்கு எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டு இரண்டு வரி எழுதினால் போதும். லேத்தில் உருப்படியை எந்த வேகத்தில் சுற்றுவது என்பது ஒரு சின்னக் கணக்கு:

```
N = 1000 × V / (π × D)
```

N என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. V என்பது வெட்டு வேகம், நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று. D என்பது விட்டம், மி.மீ.யில். மென் எஃகுக்கு V 25 என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று, 20 மி.மீ.க்குச் சுமார் 400. விட்டம் பாதியானால் சுற்று இரட்டிப்பு. இதைப் புரிந்துகொண்டு, “கணக்கில் 52 எடுத்தேன், பட்டறையில் தேவைப்படும் கணக்கை இப்போது போட்டுப் பழகுகிறேன்” என்று எழுதினால் அந்த 52 உறுத்தாது. ஆனால் உண்மையிலேயே பழகுங்கள். நேர்காணலில் ஒரு விட்டம் சொல்லி, தாளை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

நேர்காணல் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அங்கே ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். ஷாப்ட் கதைக்கு நான் கேட்கக்கூடியது இது: “கடைந்த உடனே அளந்தாரா, ஆறவிட்டு அளந்தாரா?” கடைந்து முடித்த உருப்படி சூடாக இருக்கும். 20 மி.மீ. எஃகுத் தண்டு 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் கிட்டத்தட்ட 0.01 மி.மீ. பெருத்திருக்கும். பேரிங் இறுக்கமாக உட்கார ஷாப்டுக்கு வழக்கமாகத் தரும் k6 என்ற பொருத்தத்தில் 20.002 முதல் 20.015 வரைதான் இடம். சூட்டில் 20.008 காட்டியதை நம்பி இறக்கிவிட்டால், ஆறியதும் 20-க்குக் கீழே போய்விடும். பேரிங் மறுபடியும் லூசாகிவிடும்.

பக்கத்தைச் சுத்தமாக எழுதி அனுப்புவதற்கு முன் அந்த உறவினருக்கு ஒரு போன் போட்டு, அன்றைக்கு ஆறவிட்டுத்தான் அளந்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.