பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் முதலில் தோன்றிய சீசன்

கேள்வி: டாக்டர் ஹூ தொடரில் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் முதலில் வந்தது எந்த சீசனில்? ஒரு தளம் 3 என்கிறது, இன்னொன்று 5, ரசிகர்கள் சிலர் 6 என்கிறார்கள். எதை நம்புவது?

ஐந்தாவது சீசன், 1968 பிப்ரவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'தி வெப் ஆஃப் ஃபியர்' என்ற கதை. மற்ற இரண்டு எண்களும் எப்படி வந்தன என்பதையும் ஊகிக்க முடிகிறது.

மூன்று என்பவர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டு நடிகரைத் தேடியிருக்க வேண்டும். பிரிகேடியராக நடித்த நிக்கோலஸ் கோர்ட்னி 1965இல் 'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' கதையில் பிரெட் வையன் என்ற முற்றிலும் வேறொரு பாத்திரத்தில் நடித்திருந்தார். ஆறு என்பவர்கள் பதவிப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஐந்தாவது சீசனில் அவர் கர்னல் மட்டுமே. 1968 நவம்பரில் தொடங்கிய 'தி இன்வேஷன்' கதையில்தான் பிரிகேடியராக உயர்ந்து யூனிட் படையின் தலைவராக வருகிறார். ஐந்தாவது சீசன் அந்த ஆண்டு ஜூனில் முடிந்து, ஆறாவது ஆகஸ்டில் தொடங்கிவிட்டது என்பதால், 1968 என்று ஆண்டை மட்டும் குறித்து வைத்திருப்பவரால் சீசனைத் தீர்மானிக்க இயலாது. ஒளிபரப்பான நாள் தெரிந்தாக வேண்டும்.

உண்மையான சிக்கல் கதைக்குள் இருக்கிறது. பிப்ரவரி 10 அன்று வந்த இரண்டாம் பகுதியில் அவருடைய காலணிகள் மட்டும் தெரிகின்றன. அவற்றை அணிந்திருந்தவரும் கோர்ட்னி அல்லர். முகம் தெரிவது பிப்ரவரி 17இன் மூன்றாம் பகுதியில். ஆனால் பிபிசி அந்தக் காலத்து நாடாக்களை அழித்துவிட்டதால் இக்கதையின் முதல் பகுதி மட்டுமே நெடுங்காலம் எஞ்சியிருந்தது. மற்றவை நைஜீரியாவில் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டபோதும், விதியின் குறும்பு போல, மூன்றாம் பகுதி மட்டும் அவற்றில் இல்லை. எனவே கிடைக்கும் படச்சுருளை மட்டும் பார்ப்பவர், அவர் நான்காம் பகுதியில்தான் முதலில் முகம் காட்டுகிறார் என்று நினைப்பதில் வியப்பில்லை. மூன்றாம் பகுதியின் ஒலிப்பதிவும், திரையிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களும் எஞ்சியிருப்பதால் அந்த முடிவு தவறென்று காட்ட முடிகிறது.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், ரேடியோ டைம்ஸ் இதழின் பழைய நிகழ்ச்சி நிரல்களைத் தேட உதவும் பிபிசி ஜீனோம் தளத்தில் அந்தந்தச் சனிக்கிழமையின் பதிவைப் பாருங்கள். அது ஒளிபரப்புக்கு முன்பே அச்சானது. பின்னாளைய ரசிகர் நினைவு அதில் கலந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் பெயர் போடாமல் நடித்தவர்களை அது காட்டாது என்பதால், காலணிக் காட்சியை இரண்டாம் பகுதியைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். என் கணக்கில் அந்தக் காலணிகளும் அவருடைய வருகைதான். அப்படிக் கொள்ளாதவர்களுக்கு நாள் ஒரு வாரம் தள்ளிப்போகுமே தவிர, சீசன் மாறாது.

2005இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து தொடங்கியது என்பதையும் கவனியுங்கள். 2010இல் வந்ததும் ஐந்தாவது என்றே குறிக்கப்படுகிறது.