ஆட இறங்கியவர் எதற்கெல்லாம் சம்மதிக்கிறார்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு டர்ஃபில் ஃபுட்பால் ஆடினோம். எதிர் டீமில் ஒருவர் சறுக்கி வந்து இடித்ததில் கணுக்கால் முறிந்து ஆபரேஷன் வரை போய்விட்டது. "ஆட வந்தா அடிபடத்தான் செய்யும், சம்மதிச்சுத்தானே இறங்கினே" என்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரியா?

பதில்:

பாதி சரி. ஆட்டத்தில் இறங்குவதே ஒரு சம்மதம்தான். அதை எழுதித் தரவோ வாய்விட்டுச் சொல்லவோ வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சம்மதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. உங்களை இடித்தது அந்த எல்லைக்குள் நடந்ததா, தாண்டி நடந்ததா என்பதில்தான் மொத்த வழக்கும் இருக்கிறது.

இந்தியாவில் தீங்கியலுக்கென்று, அதாவது ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்பதற்கென்று, தொகுக்கப்பட்ட தனிச் சட்டம் கிடையாது. நஷ்டஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், இங்கிலாந்துத் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த கோட்பாடுகளைத்தான் இரு தரப்பும் எடுத்துவைக்கும். சம்மதித்தவர் தீங்கு என்று முறையிட முடியாது என்பது அவற்றில் ஒன்று. வக்கீல்கள் அதை 'வோலன்டி நான் ஃபிட் இன்ஜூரியா' என்ற லத்தீன் தொடரால் குறிப்பார்கள். இதே எண்ணம் நம் குற்றவியல் சட்டத்திலும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் ஒரு உதாரணம் கொடுத்திருந்தார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு. இரண்டு பேர் பொழுதுபோக்காக வாள்பயிற்சி செய்ய ஒப்புக்கொள்கிறார்கள். முறையாக ஆடும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் மற்றவர் குற்றவாளி அல்ல. ஆனால் அந்த ஒப்புதல், முறைகேடான ஆட்டம் இல்லாமல் வரும் காயத்துக்கு மட்டும்தான் என்று அந்த உதாரணமே சொல்லிவிடுகிறது. உங்கள் நண்பர் முதல் பாதியைச் சொல்கிறார், இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்.

நட்பு ஆட்டம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கலிபோர்னியாவின் 'நைட் எதிர் ஜூவெட்' வழக்கு. 1987 ஜனவரியில் ஒரு வீட்டில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியை டிவியில் பார்க்க நண்பர்கள் கூடியிருந்தார்கள். இடைவேளையில் பக்கத்து மண் மைதானத்தில் 'டச் ஃபுட்பால்' ஆடப் போனார்கள். அமெரிக்கக் கால்பந்தின் சாதுவான வடிவம் அது: பந்தோடு ஓடுபவரைக் கீழே தள்ள வேண்டாம், தொட்டாலே போதும். பந்தும் சிறுவர்கள் ஆடும் சின்னப் பந்து. ஆணும் பெண்ணுமாக அணிக்கு நான்கைந்து பேர். விதிகள் எதையும் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் எதிரணி ஆண் ஒருவர் ஒரு பெண்மீது மோதினார். இவ்வளவு முரட்டுத்தனமாக ஆடாதே, ஆடினால் நான் நிறுத்திவிடுவேன் என்று தான் சொன்னதாகவும், அவர் அதைக் கேட்டுக்கொண்டதுபோல் தெரிந்ததாகவும் அந்தப் பெண் பிறகு சொன்னார். அடுத்த முறை பந்து நகர்ந்ததுமே அவர் மறுபடி மோதினார். பெண் விழுந்தார், அவருடைய வலது கை மிதிபட்டது. பந்தைப் பிடிக்க எம்பிக் குதித்துக் கீழே வரும்போது தற்செயலாக நடந்தது என்பது ஆண் தரப்பு. பந்து வேறொருவர் கையில் இருந்தது, என்னைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தார் என்பது பெண் தரப்பு. சுண்டுவிரலுக்கு மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தும் வலி தீரவில்லை. கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் வழக்குப் போட்டார். 1992-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெண் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், ஆண் கவனக்குறைவாக நடந்தார் என்றுதான் ஆகும். விளையாட்டில் அது போதாது என்றது பெரும்பான்மை. வேண்டுமென்றே காயப்படுத்தியிருக்க வேண்டும், அல்லது அந்த விளையாட்டின் இயல்புக்கே முற்றிலும் புறம்பான பொறுப்பற்ற செயலாக இருக்க வேண்டும். காரணம் இதுதான்: ஆட்டத்தின் சூட்டில் கவனம் பிசகுவது சகஜம். ஒவ்வொரு பிசகுக்கும் வழக்கு வரும் என்றால் யாரும் உற்சாகமாக ஆட மாட்டார்கள், விளையாட்டின் தன்மையே மாறிவிடும்.

இதில் முக்கியமான நகர்வு ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் மனதுக்குள் எதற்குச் சம்மதித்தார் என்ற கேள்வியையே பெரும்பான்மை ஒதுக்கிவிட்டது. இந்த விளையாட்டில் ஒரு ஆட்டக்காரர் இன்னொருவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்று மட்டும் பார்த்தது. நீதிபதி கென்னார்டு இதை ஏற்கவில்லை. பழைய வழியிலேயே, அந்தப் பெண் இந்த அபாயத்தைத் தெரிந்து மனமுவந்து ஏற்றாரா என்றுதான் பார்க்க வேண்டும், அதை விசாரிக்காமல் வழக்கை முடித்தது தவறு என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நான் கென்னார்டு பக்கம்தான். முரட்டு ஆட்டம் வேண்டாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவருடைய சம்மதம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்றுதான் நியாயமாகப் பார்க்க வேண்டும். தொழில்முறைப் போட்டியில் அப்படிச் சொல்ல இடமில்லை. இடைவேளையில் பொழுதுபோக்காக ஆடும் இடத்தில் நிச்சயம் இடம் உண்டு.

அப்படியானால் சம்மதம் எங்கே முழுத் தடுப்பாக நிற்கும்? தொட்டதே தவறு என்று வழக்குப் போடும் இடத்தில். தெருவில் ஒருவர் தோளால் உங்களை வேண்டுமென்றே தள்ளினால் அது தாக்குதல். அதே தோள்தள்ளல் ஃபுட்பாலில் பந்துக்காக நடந்தால் தாக்குதல் இல்லை, ஏனென்றால் அதற்கு நீங்கள் இணங்கித்தான் இறங்கினீர்கள். சாதாரண ஃபவுலும் இதில் அடங்கும். காலில் கால் தட்டுவது, சட்டையைப் பிடிப்பது எல்லாம் விதிமீறல்தான், ஆனாலும் ஆட்டத்தோடு வருபவை. நடுவர் விசில் அடித்ததற்காக நீதிமன்றம் நஷ்டஈடு தராது.

கவனக்குறைவு என்று வழக்குப் போட்டால் கதை வேறு. அடிபடலாம் என்று தெரிந்திருப்பதும் அதற்குச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. 1891-லேயே, அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கிவிட்டது. தலைக்கு மேலே கிரேன் கல் தூக்கிப் போவது தெரிந்தும் வேலை செய்த தொழிலாளிமீது கல் விழுந்தது. தெரிந்துதானே நின்றாய் என்ற முதலாளியின் வாதம் எடுபடவில்லை. ஆகவே உங்கள் நண்பர் 'அடிபடும் என்று தெரியும்தானே' என்று நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் அங்கே ஒரு நியாயமான ஆட்டக்காரர் காட்டியிருக்கும் அக்கறையை அவர் காட்டினாரா என்ற கேள்வி வரும்.

அதற்கு உங்கள் சம்பவத்தோடு நெருங்கிய வழக்கு 1985-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த 'காண்டன் எதிர் பாசி'. லெமிங்டன் வட்டாரத்தில் ஒரு உள்ளூர் லீக் ஆட்டம், 62-ஆவது நிமிடம். ஒருவர் பந்தைத் தட்டிவிட்ட பிறகு எதிரணிக்காரர் மூன்று நான்கு கஜம் தள்ளியிருந்து சறுக்கி வந்தார். பந்து போய்விட்டது, கால் மட்டும்தான் அங்கே இருந்தது. பூட்ஸின் குமிழ்கள் தரையிலிருந்து ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்தில் முன்னே நீட்டியபடி இருந்தன என்று நடுவர் அறிக்கையில் எழுதினார். வலது கால் முறிந்தது, இடித்தவரை நடுவர் வெளியேற்றினார். எதிராளியின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாத ஆபத்தான ஃபவுல் இது, கவனக்குறைவுதான் என்று 4,900 பவுண்டு நஷ்டஈடு உறுதியானது. 'ஆட வந்தாயே' என்ற பேச்சு அங்கே காப்பாற்றவில்லை. ஆட்ட விதியை மீறுவது மட்டுமே தீர்மானிக்காது, விதிக்குள் ஆடினேன் என்பதும் மட்டுமே காப்பாற்றாது. இரண்டும் சூழ்நிலையின் ஒரு பகுதிதான்.

இப்போது உங்கள் விஷயம். சறுக்கி வந்தவர் பந்தை நோக்கி வந்தாரா, பந்து போன பிறகு வந்தாரா? காலை எவ்வளவு உயர்த்தியிருந்தார்? பந்துக்காக வந்து அரை நொடி தாமதமானது என்றால் எனக்குத் தெரிந்தவரை வழக்கு நிற்பது கஷ்டம். பந்தே இல்லாத காலை நோக்கி வேகமாக வந்தார் என்றால் நிற்கும். அப்புறம் ஒன்று, டர்ஃபில் ஆடுகிறவர்கள் ஸ்லைடு வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்வது உண்டு. மைதானத்துக்காரரே பலகை வைத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் உங்கள் சம்மதத்தில் ஸ்லைடே சேராது என்று வலுவாக வாதாடலாம். எல்லோரும் அன்று சறுக்கித்தான் ஆடினீர்கள், நீங்களும் சறுக்கினீர்கள் என்றால் அந்த வாதம் போய்விடும்.

கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. சம்மதம் இருந்தது என்பதைக் காட்டும் பொறுப்பு அவருடையது. அதனால் டர்ஃபில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன் வாட்ஸ்அப் குழுவில் விதிகளைப் பற்றிப் பேசியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு அணியிலும் சேராமல் வெளியே நின்று பார்த்தவர் யாராவது இருந்தால் அவருடைய சாட்சியம் உங்கள் அணிக்காரர் சாட்சியத்தைவிட எடை கூடியது. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதி ஏ.ஆர். காப்பி போட்டிருந்தால் அதன் நகலையும் வாங்கிப் பாருங்கள். நட்புக்காக 'விளையாடும்போது கீழே விழுந்துட்டேன்' என்று அங்கே சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்போவது அந்த வரியைத்தான்.