கிளைத் திறப்புச் செய்திக்குறிப்பின் முதல் பத்தி

கேள்வி: புதிய கிளை திறக்கிறோம். பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பில் முக்கியமான விவரமெல்லாம் முதல் பத்தியிலேயே வரணும் என்கிறார்கள். அதை எப்படி எழுதுவது?

மூக்குக்கண்ணாடி விற்கும் நிறுவனம் ஒன்றில் சில வருடம் இந்த வேலையைப் பார்த்தேன். நான் எழுதிய முதல் செய்திக்குறிப்பு இப்படித்தான் தொடங்கியது:

"மக்களின் பேராதரவோடு கடந்த பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணாடி விற்பனையில் முத்திரை பதித்து வரும் எங்கள் நிறுவனம், வாடிக்கையாளர்களின் நீண்ட நாள் வேண்டுகோளை ஏற்று, நவீன வசதிகளுடன் கூடிய தனது நான்காவது கிளையை வரும் ஞாயிற்றுக்கிழமை திறக்க இருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது."

'திறக்க' என்ற சொல்லுக்கு முன்னால் 25 சொற்கள் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் செய்தி வாலுக்குப் போய்விடும். இத்தனை நீட்டியும் கிளை எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அதோடு 'வரும் ஞாயிறு' என்பது நான் எழுதிய நாளுக்குத்தான் சரி. பத்திரிகையில் ஒரு வாரம் தள்ளி வந்தால் அது வேறு ஞாயிறு.

இது செய்தியே இல்லை, அழைப்பிதழ். பெயரைத் தெரிவிக்காமல் விடுகிறேன், ஒரு நாளிதழின் உதவி ஆசிரியர் போனில் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "சரிங்க, கடை எங்க இருக்கு?"

அப்புறம் மாற்றி எழுதினேன். நிறுவனப் பெயர் வரும் இடத்தில் இங்கே கோடு போட்டிருக்கிறேன்:

"____ தன் நான்காவது கிளையை ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய தபால் நிலையக் கட்டடத்தின் தரைத்தளத்தில் திறக்கிறது. ஜூன் 17, புதன்கிழமை காலை 10 மணி முதல் இங்கே கண் பரிசோதனை செய்துகொள்ளலாம், கண்ணாடி வாங்கலாம். லென்ஸ் வெட்டிப் பொருத்தும் பட்டறையும் உள்ளேயே இருப்பதால், சாதாரண பவர் கண்ணாடி அன்றே கைக்கு வந்துவிடும்."

முதல் வாக்கியம் யார், என்ன, எங்கே என்பதோடு முடிந்துவிடுகிறது. எப்போது என்பது இரண்டாவதில். மூன்றாவதுதான் படிக்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது, பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். 'நவீன வசதிகள்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பட்டறை உள்ளே இருக்கிறது என்றால் இரண்டாம் முறை வர வேண்டாம் என்று உடனே புரிந்துவிடும். 'எங்கள்' என்பதை எடுத்துவிட்டதையும் கவனியுங்கள். பத்திரிகை தன் குரலில் அப்படியே போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் படர்க்கையில்தான் இருக்க வேண்டும்.

தேதியில் ஒரு பொறி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். திறப்பு விழா ஜூன் 14 ஞாயிறு, வியாபாரம் தொடங்குவது 17 புதன். முதலில் எழுதிய அந்தக் குறிப்பில் விழா நாளை மட்டும் போட்டுவிட்டேன். திங்கள் காலை பழைய கண்ணாடியோடு வந்து ஷட்டர் முன்னால் நின்றவர்களுக்கு வாட்ச்மேன்தான் பதில் சொன்னார். வாடிக்கையாளர் எப்போது வரலாமோ அந்தத் தேதிதான் மேலே வர வேண்டும், விழா இரண்டாம் பத்திக்குப் போகட்டும். தேதியோடு கிழமையையும் எழுதிக் காலண்டரில் ஒத்துப் பாருங்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் டெஸ்க்கில் இருப்பவருக்கு மொத்தக் குறிப்பின் மேலேயும் சந்தேகம் வந்துவிடும்.

முதலாளிகள் விடாப்பிடியாக நிற்பது சிறப்பு விருந்தினர் பெயரில். அவர் வருவதே ஊருக்குச் செய்தி என்றால் முதல் பத்தியில் வைக்கலாம், தப்பில்லை, ஆனால் அப்போது தலைப்பும் படமும் அவருடையதாகிவிடும், கிளை கடைசி வரியில் நிற்கும். அது சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் எளிது. இரண்டாம் பத்தியில் விழா, மூன்றாவதில் உரிமையாளர் சொன்னது இரண்டு வரி, கடைசியில் நிறுவனத்தைப் பற்றி நாலு வரி. இடம் போதவில்லை என்றால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் அந்தப் பதினைந்து ஆண்டுப் பெருமையெல்லாம் அங்கேயே இருக்கட்டும். எழுதி முடித்ததும் முதல் பத்திக்குக் கீழே உள்ளதைக் கையால் மறைத்துவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அதை மட்டும் படித்து அவரால் சரியான நாளில் கடை வாசலுக்கு வர முடிந்தால் போதும்.

அனுப்பும்போது மின்னஞ்சலின் உள்ளேயே யூனிகோடில் ஒட்டி அனுப்புங்கள். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை இணைத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். தொடர்புக்குக் கொடுக்கும் எண்ணும் விழா வேலையில் ஓடிக்கொண்டிருக்காத ஒருவருடையதாக இருக்கட்டும். அன்று மாலை யாராவது பெயரின் எழுத்தைச் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள்.